ஒரே கவரில் இரண்டு எதிரெதிர் மாத்திரைகள்

கொடைக்கானலில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன் என்றால் சளி மாத்திரைதான் அதிகம் போகும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், குளிர் ஊர் ஆச்சே. சளி மாத்திரை போகத்தான் செய்கிறது. ஆனால் வருஷம் முழுக்க, சீசன் பார்க்காமல் போவது இரண்டு. ஒன்று "கேஸ் மாத்திரை". இன்னொன்று "வயித்தைப் பிடிக்குது, அதுக்கு ஒண்ணு குடுங்க". இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கேட்பதும் சகஜம். இரண்டும் வயிற்றுக்குத்தானே, சேர்த்துப் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்பது கணக்கு.

அந்தக் கணக்குதான் தப்பு. வயிற்றுப்பிடிப்புக்குக் கேட்கிற டைசைக்ளோமின், குடலின் அசைவைக் குறைக்கிற மருந்து. கேஸ் மாத்திரை என்ற பெயரில் அமிலக் குறைப்பு மருந்தோடு சேர்ந்து வருகிற டோம்பெரிடோன், அசைவைக் கூட்டுகிற மருந்து. இரண்டும் மோதுகிற இடமும் ஒன்றே. எப்படி என்பதைச் சொல்ல எங்கள் கடைக்கு வரும் ஒரு அக்காவின் கதை உதவும். பூம்பாறைப் பக்கம், நாற்பதைத் தாண்டிய வயது, பூண்டுக் காட்டிலும் கேரட் காட்டிலும் வேலை. அவர் யார் என்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து விவரங்களை மாற்றவில்லை.

அவர் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவுன்டரில் கொட்டி, "தம்பி, இதுல எது தீந்துபோச்சுன்னு பாத்து அதை மட்டும் குடு" என்றார். டைசைக்ளோமினும் மெஃபனாமிக் அமிலமும் சேர்ந்த வலி மாத்திரை, பான்டோப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூல், தனியாக ஒரு அட்டை லோபெரமைட். மூன்றும் மூன்று வேறு இடங்களில், வேறு வேறு காலத்தில் வாங்கியவை.

"எதுக்குக்கா இது மூணும்?"

"இது வயித்தைக் கவ்விப் பிடிச்சா. இது காலையில வெறும் வயித்துல, பொருமலுக்கு. அந்தக் குட்டி மாத்திரை பஸ்ல போற அன்னிக்கு."

"வெளிய எப்படிப் போகுது?"

கொஞ்சம் தயங்கினார், பக்கத்தில் ஆள் இருந்தது. அந்த ஆள் போனதும் சொன்னார். மூன்று நாள், நாலு நாள் போகாது. போனால் ஆட்டுப்புழுக்கை மாதிரி. இடப்பக்கம் அடிவயிறு முறுக்கும், போய்விட்டு வந்தால் முறுக்கு விட்டுவிடும். அப்புறம் ஒரு நாள் திடீரென்று தண்ணியாகப் பலமுறை போகும். வருஷக்கணக்காக இப்படித்தான். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

எல்லாப் பரிசோதனையும் சரி, வலி மட்டும் நிஜம். இதைத்தான் டாக்டர்கள் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐபிஎஸ் என்கிறார்கள். கடந்த மூன்று மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும், அந்த வலி மலம் கழிப்பதோடும், அதன் எண்ணிக்கையோ பதமோ மாறுவதோடும் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும், தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்கு மலச்சிக்கல் மேலோங்கும், சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு மாறி மாறி. அக்காவுக்கு மாறி மாறி வரும் வகை என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகு அவரைப் பார்த்த டாக்டரம்மா அப்படி நினைக்கவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் குடல் எப்படி அசைகிறது என்பது. ஆட்கள் "அசைவு" என்றால் ஏதோ மேலிருந்து கீழே தள்ளுவது மட்டும் என்று நினைக்கிறார்கள். குடலுக்கு இரண்டு வேலை. ஒன்று பிசைவது: இங்கே ஒரு வளையம் சுருங்கும், அங்கே ஒரு வளையம் சுருங்கும், உள்ளே இருப்பது முன்னும் பின்னும் கலக்கும், தண்ணீர் உறிஞ்சப்படும், ஆனால் பெரிதாக எதுவும் நகராது. இன்னொன்று தள்ளுவது. உள்ளே இருக்கும் கவளத்துக்குப் பின்னால் தசை சுருங்க வேண்டும், முன்னால் தசை தளர வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் அது நகரும். இதை 1899-ல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் குடலில் பார்த்து எழுதிவைத்தார்கள். மூளையிலிருந்து உத்தரவு வராமலேயே குடல் சுவரில் இருக்கும் நரம்புகள் இதைச் செய்கின்றன.

கவளம் சுவரை விரிக்கும்போது, குடலின் உள்தோலில் இருக்கும் சில செல்கள் செரட்டோனின் என்ற ரசாயனத்தை விடுகின்றன. அது பக்கத்து நரம்பைத் தட்டுகிறது. செய்தி பின்னோக்கிப் போகும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற நரம்பு ரசாயனம் வெளிவந்து தசையைச் சுருக்குகிறது. முன்னோக்கிப் போகும் இடத்தில் நைட்ரிக் ஆக்சைடு போன்றவை வெளிவந்து தசையைத் தளர்த்துகின்றன. உடம்பில் இருக்கும் செரட்டோனினில் மிகப் பெரும் பங்கு வயிற்றில்தான் இருக்கிறது, மனச்சோர்வு மாத்திரையை வயிற்றுக்கு எழுதினால் பயப்படத் தேவையில்லை என்று ஆட்களுக்குச் சொல்ல இந்தத் தகவல் எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

அசிட்டைல்கோலின் தசைச் செல்லின் மேல் அதற்கென்று இருக்கை மாதிரி உள்ள ஏற்பியில் உட்கார்ந்ததும் செல்லுக்குள் கால்சியம் கூடும். கால்சியம் கூடினால் தசை சுருங்கும். வயிற்றுப்பிடிப்பு மருந்துகள் எல்லாம் இந்தப் பாதையில் ஏதாவது ஒரு இடத்தில் குறுக்கே நிற்பவைதான்.

டைசைக்ளோமின் நிற்பது முதல் இடத்தில். ஏற்பியில் அசிட்டைல்கோலின் உட்காராமல் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. பிடிப்பு விடுகிறது, அரை மணி ஒரு மணி நேரத்தில் ஆள் நிமிர்கிறார். ஆனால் அதே வகை ஏற்பிகள் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கின்றன, கண்ணில் இருக்கின்றன, மூத்திரப்பையில் இருக்கின்றன. வாய் காய்வது, பக்கத்தில் இருக்கும் எழுத்து மங்குவது, மூத்திரம் இறங்க நேரமாவது எல்லாம் அதனால்தான். பிராஸ்டேட் வீங்கிய பெரியவர்களுக்கும் சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல், குளிருக்குச் சளி மாத்திரை போடாத பெரியவரே கிடையாது. அந்தச் சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமினுக்கும் இதே குணம் கொஞ்சம் உண்டு. இரண்டும் சேர்ந்து ராத்திரி மூத்திரம் அடைத்துக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டைசைக்ளோமின் சொட்டு கொடுக்கவே கூடாது, மூச்சுத் திணறல் வந்திருக்கிறது. பாட்டிமார்கள் இன்னும் வந்து கேட்கிறார்கள்.

அதே ஏற்பியை அடைக்கிற ஹையோசின் பியூட்டில்புரோமைடு கொஞ்சம் சாது. இரத்தத்தில் அதிகம் கலப்பதில்லை, மூளைக்குள் போவதில்லை, அதனால் மயக்கமும் குழப்பமும் குறைவு.

ட்ரோடவெரின் வேறு ரகம். அது ஏற்பிப் பக்கமே போவதில்லை, தசைச் செல்லுக்குள் ஒரு என்சைமைத் தடுத்து, சுருங்கும் தசையை உள்ளிருந்தே தளரவிடுகிறது. அதனால் வாய் காய்வதில்லை, பிராஸ்டேட் பெரியவருக்கும் டாக்டர் தைரியமாக எழுதலாம். ஓட்டிலோனியம், பினவெரியம் இரண்டும் கால்சியம் உள்ளே வரும் வழியை அடைக்கின்றன. இரத்தத்தில் அதிகம் கலக்காமல் குடலிலேயே தங்கிவிடுவதால் பிரஷர் மாத்திரை மாதிரி இரத்த அழுத்தத்தை இறக்குவதில்லை. புதினா எண்ணெய் கேப்ஸ்யூலில் இருக்கும் மென்தாலும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதைக் கடித்துத் தின்னக் கூடாது, இரைப்பையில் கரைந்தால் உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்தி நெஞ்செரிச்சல் கொண்டுவந்துவிடும்.

மெபவெரின் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவும் தசையில் நேரடியாக வேலை செய்வது, பிடிப்பை விடுவிக்கும், ஆனால் இயல்பான அசைவை அவ்வளவாக அமுக்காது. அதனால் மலச்சிக்கல்காரர்களுக்கு டைசைக்ளோமினைவிட இது பொருத்தம். சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்னால் போடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. சாப்பிட்டதும் இரைப்பை விரியும், அந்தச் செய்தி கேட்டுப் பெருங்குடல் சுருங்கத் தொடங்கும். காலையில் ஒரு டம்ளர் வரக்காப்பி குடித்த கையோடு சிலர் கக்கூசுக்கு ஓடுவதும் ஏறத்தாழ இதனால்தான். ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு இந்தச் சுருக்கம் மிகையாக இருக்கும், வலியும் அப்போதுதான் வரும். மருந்து அதற்குமுன் அங்கே இருக்க வேண்டும். வலி வந்த பிறகு போட்டுவிட்டு "கேக்கல தம்பி" என்றால் என்ன செய்வது. ஆனாலும் இதை நான் தூக்கிப் பேச மாட்டேன், மெபவெரினுக்கு ஆய்வுச் சான்று அப்படி ஒன்றும் பலமில்லை. ஐபிஎஸ்ஸில் வெறும் மாவு மாத்திரை கொடுத்தாலே மூன்றில் ஒருவருக்கு மேல் தேவலை என்பார்கள், அதைத் தாண்டி ஒரு மருந்து தன்னை நிரூபிப்பது கஷ்டம்.

சரி, இப்போது டோம்பெரிடோன். மேல் குடலில் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிவருவதை டோபமின் என்ற இன்னொரு ரசாயனம் கட்டிப்போடுகிறது. டோம்பெரிடோன் அந்த டோபமின் ஏற்பியை அடைக்கிறது, கட்டு அவிழ்கிறது, அசிட்டைல்கோலின் கூடுதலாக வருகிறது, இரைப்பை சீக்கிரம் காலியாகிறது. அதாவது இந்த மருந்து வேலை செய்வதே அசிட்டைல்கோலின் வழியாகத்தான். அதே சமயம் அக்கா டைசைக்ளோமினும் போட்டிருந்தால், வெளிவந்த அசிட்டைல்கோலினுக்கு உட்கார இடம் இல்லை. டோம்பெரிடோன் போட்டும் போடாத கதைதான். அதன் பக்கவிளைவுகள் மட்டும் பாக்கி.

பக்கவிளைவுகள் சின்னவை இல்லை. இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும் ஆபத்து இருக்கிறது என்று 2014-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பெரியவர்களுக்கு 10 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு மிகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் என்று சுருக்கிவிட்டது. இங்கே வருஷக்கணக்காகப் போடுகிறார்கள். நெஞ்சுச் சளிக்குக் கிளாரித்ரோமைசின் எழுதியிருக்கும் சீட்டோடு வந்து கேஸ் மாத்திரையும் கேட்டால் நான் கொடுப்பதில்லை, அந்த ஆன்டிபயாட்டிக் டோம்பெரிடோனை இரத்தத்தில் ஏற்றிவிடும். பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பில் பால் கசிந்தால், மாதவிலக்கு தள்ளிப்போனால் கேஸ் மாத்திரை போடுகிறீர்களா என்றும் கேட்க வேண்டும், டோபமின் தடை, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினைக் கூட்டும். இதே குடும்பத்து லெவோசல்பிரைடு மூளைக்குள்ளும் போவதால் இன்னும் மோசம். கை நடுங்குகிறது, நடை குறுகிவிட்டது என்று வரும் பெரியவரின் மாத்திரைப் பையில் முதலில் நான் தேடுவது அதைத்தான். நிறுத்திச் சில வாரம், சில மாதம் கழித்துப் பலருக்குச் சரியாகிறது. அதற்குள் அவருக்குப் பார்க்கின்சன் மருந்து தொடங்கியிருப்பார்கள்.

இதைவிட அக்கா விஷயத்தில் முக்கியமானது ஒன்று: டோம்பெரிடோன் இரைப்பைக்கும் அதை ஒட்டிய குடலுக்கும்தான். பெருங்குடலில் அதற்கு வேலை இல்லை. அவருடைய பொருமல் வருவதோ மூன்று நாள் அடைந்துகிடக்கும் பெருங்குடலிலிருந்து. டைசைக்ளோமினை நிறுத்தியிருந்தால்கூட அந்தக் கேப்ஸ்யூல் அவருக்கு உதவியிருக்காது.

பொருமல் என்றதும் ஒன்று. வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி மேலே வந்து இறங்கியதும் "வயிறு உப்பிடுச்சு, கேஸ் மாத்திரை" என்று டூரிஸ்ட்டுகள் வருவார்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் வயிற்றுக்குள் ஏற்கனவே இருக்கும் காற்று ஏறத்தாழ கால் பங்கு விரிகிறது. இதில் குடல் அசைவுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. கொஞ்சம் நடந்துவிட்டு வாங்க என்று அனுப்பிவிடுவேன், வியாபாரம் போனால் போகட்டும்.

மூன்றாவது மாத்திரை லோபெரமைட். பெருங்குடல் நரம்புகளில் இருக்கும் ஓப்பியாய்டு ஏற்பியைத் தூண்டி, தள்ளும் அசைவைக் குறைத்து, பிசையும் அசைவை விட்டுவைக்கிறது. மலம் உள்ளே அதிக நேரம் தங்கித் தண்ணீர் உறிஞ்சப்பட்டுக் கெட்டியாகும். ஆசனவாயின் இறுக்கமும் கூடும். மூளைக்குள் நுழைந்தால் உடனே வெளியே தள்ளிவிடும் ஒரு காவல் ஏற்பாடு இருப்பதால் அபின் குடும்பமாக இருந்தும் போதை தருவதில்லை. வயிற்றுப்போக்கு மேலோங்கிய ஐபிஎஸ்ஸுக்கு இது நல்ல மருந்துதான், வெளியூர் போகும் நாளில் ஒரு 2 மி.கி. மாத்திரை பலருக்குத் தைரியம். வலியை மட்டும் குறைக்காது.

அக்கா செய்ததைக் கோர்த்துப் பாருங்கள். ஏற்கனவே தள்ளும் அசைவு மந்தம். வலிக்கு டைசைக்ளோமின் போடுகிறார், வலி விடுகிறது, அசைவு இன்னும் மந்தமாகிறது. நாலு நாள் மலம் காய்ந்து அடைக்கிறது. அடைத்த இடத்துக்கு மேலே குடல் பிடித்துச் சுருங்குகிறது, மறுபடி வலி, மறுபடி டைசைக்ளோமின். கடைசியில் கெட்டி மலத்தின் ஓரமாகத் தண்ணியாக வழிந்து வருகிறது. அது வயிற்றுப்போக்கு என்று நினைத்து, அன்றைக்குத் திண்டுக்கல் போக வேண்டியிருப்பதால், வழியில் இறங்க முடியாதே என்று லோபெரமைட் போடுகிறார். அடுத்த நாலு நாளைக்கு அடைப்பு. நான் மாறி மாறி வரும் வகை என்று நினைத்தது இதைத்தான், டாக்டரம்மா கேட்ட உடனே, "அது போக்கு இல்லை, வழிசல். இது மலச்சிக்கல் வகை" என்றார். அடையாளம் என்ன என்று கேட்டேன். தண்ணியாகப் போவதற்கு முந்தைய நாட்கள் எப்படி என்று பார்க்க வேண்டும், தண்ணியாகப் போன பிறகும் வயிறு காலியான உணர்வு வரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும், அப்புறம் விரலால் ஆசனவாய்ப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையை இத்தனை வருஷத்தில் யாரும் செய்யவில்லையாம். எண்டோஸ்கோப்பி செய்திருக்கிறார்கள், விரல் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு இது கொஞ்சம் கோபமாகவே இருக்கிறது.

டாக்டரம்மா இரத்த அணுக்களும் தைராய்டும் பார்த்தார், சரியாக இருந்தன. இரத்தப்போக்கு, எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் மேலே நான் சொன்ன மருந்துக் கதை எதற்கும் இடமில்லை, முதலில் கொலனோஸ்கோப்பி. அக்காவுக்கு அவை எதுவும் இல்லை.

பிறகு கவரில் இருந்த மூன்றையும் நிறுத்தச் சொன்னார். இசப்கோல் ஒரு ஸ்பூனிலிருந்து ஆரம்பித்து, முழு டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே கட்டிக்கொள்ளும். கூடவே மேக்ரோகோல் பவுடர், இது அசைவைத் தொடுவதில்லை, தண்ணீரை மலத்தோடு பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். வலிக்கு மெபவெரின் 200 மி.கி. காலையும் மாலையும். முதல் வாரம் பொருமல் கூடிவிட்டது, நார்ச்சத்து தொடங்கினால் சிலருக்கு அப்படித்தான். அக்கா என்னிடம் வந்து, "பழைய மாத்திரையே தேவலை போல" என்றார். தாக்குப்பிடியுங்கள் என்றேன்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்றை மாற்றச் சொன்னார்கள், அதுதான் சண்டை. பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்தது. எங்கள் பக்கம் கேஸுக்கு முதல் மருந்தே பூண்டுதான், பாலில் வேகவைத்துக் குடிப்பார்கள், அக்காவும் தினம் குடித்துக்கொண்டிருந்தார். பூண்டில் ஃப்ரக்டன் என்ற மாவுச்சத்து நிறைய. அதைச் செரிக்கும் என்சைம் மனிதக் குடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிக் காற்றாக மாறும். எல்லோருக்கும்தான் மாறுகிறது, ஆனால் ஐபிஎஸ் உள்ளவர்களின் குடல் நரம்பு அந்தச் சின்ன விரிவையே வலியாக உணரும். "எங்க காட்டுப் பூண்டையே சாப்பிடக் கூடாதா" என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஃப்ரக்டன் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை வரும், தொல்லை வராது. அதற்கு ஒத்துக்கொண்டார். பால்பூண்டை மட்டும் விட மனசில்லாமல்தான் விட்டார்.

ஒன்றரை மாதம் போனது. வலி பாதியாகக் குறைந்துவிட்டது, மலம் புழுக்கை பதத்திலிருந்து மாறிவிட்டது, ஆனாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான், அதுவும் முக்கித்தான். இங்கேதான் பெருங்குடலை உண்மையிலேயே தள்ளவைக்கும் மருந்து தேவைப்பட்டது.

அந்த வகை மருந்துகளுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. குடல் நரம்பில் செரட்டோனினின் நான்காம் வகை ஏற்பியைத் தூண்டினால் அசிட்டைல்கோலின் கூடி, குடல் முழுக்கத் தள்ளும் அசைவு எழும். சிசப்ரைடு அப்படித்தான் வேலை செய்தது, ஒரு காலத்தில் அமோகமாக விற்றது. ஆனால் இதயத்தின் பொட்டாசியம் வழியையும் அது அடைத்தது, தாளம் கெட்டு ஆட்கள் செத்தார்கள், 2000-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். மலச்சிக்கல் வகை ஐபிஎஸ்ஸுக்கென்றே வந்த டெகாசெரோடை 2007-ல் இதய, மூளை இரத்தக்குழாய்ப் பிரச்சினைகளுக்காக எடுத்தார்கள். இந்தியாவில் இரண்டையும் தடை செய்தது 2011-ல். எதிர்த்திசையிலும் இதே கதைதான், போக்கு வகைக்கு மூன்றாம் வகை செரட்டோனின் ஏற்பியை அடைக்கிற அலோசெட்ரானை, குடலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து புண்ணாவதைப் பார்த்துவிட்டு 2000-ல் எடுத்து, 2002-ல் கட்டுப்பாடுகளோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இப்போது இருப்பது புருகலோப்ரைடு. அதே நான்காம் வகை ஏற்பியைத்தான் தூண்டுகிறது, ஆனால் அதை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதால் சிசப்ரைடின் இதயப் பிரச்சினை இதில் தென்படவில்லை. பெருங்குடலில் ஒரு நாளைக்குச் சில முறைதான் எழும் நீண்ட, பலமான தள்ளும் அலைகளை இது கூட்டுகிறது. 2 மி.கி. ஒரு நாளைக்கு ஒருமுறை, 65 வயதுக்கு மேல் 1 மி.கி.யில் தொடக்கம். அங்கீகாரம் இருப்பது நாள்பட்ட மலச்சிக்கலுக்குத்தான், ஐபிஎஸ் வலிக்கு என்று இல்லை. டாக்டரம்மா அதை அக்காவிடமும் சொன்னார். முதல் ஒன்றிரண்டு நாள் தலைவலி, குமட்டல், தண்ணியாகப் போவது வரும், பயந்து லோபெரமைட் போட்டுவிடக் கூடாது என்று நான் அட்டையின் மேலேயே எழுதிக் கொடுத்தேன். தலைவலி வந்தது, இரண்டாம் நாள் விட்டுவிட்டது.

டைசைக்ளோமின் இதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். புருகலோப்ரைடும் கடைசியில் அசிட்டைல்கோலினை நம்பித்தான் இருக்கிறது. அதனால் பல்வலி, இடுப்புவலி என்று வேறு எங்கே போனாலும் "பழைய வயித்துவலி மாத்திரை வேணாம்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறோம். போன வாரம் மாதவிலக்கு வலிக்கு அதே டைசைக்ளோமின் கூட்டு மாத்திரையை யாரோ பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். அட்டையைக் கொண்டுவந்து காட்டினார், போடவில்லை. மெஃபனாமிக் அமிலம் மட்டும் இருக்கும் மாத்திரையாக டாக்டரம்மாவிடம் போனில் கேட்டு, சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றிக் கொடுத்தேன்.

இப்போது நாள் விட்டு நாள் போகிறது, முக்கத் தேவையில்லை என்கிறார். பீன்ஸ் பொரியல் சாப்பிட்ட நாளில் பொருமல் அப்படியேதான் இருக்கிறது. வலிக்கு, மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் கொடுப்பது ஒரு வழி, 10 மி.கி.யில் தொடங்கி 30 மி.கி. வரை கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2023-ல் நல்ல பலன் காட்டியது. ஆனால் அதுவும் அசிட்டைல்கோலின் ஏற்பியை அடைப்பதுதான், அக்காவின் குடலை மறுபடி மந்தமாக்கும் என்று டாக்டரம்மா இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். புருகலோப்ரைடு நாலு வாரத்தில் பலன் தரவில்லை என்றால் தொடர்வதில் அர்த்தமில்லை, மறுபடி யோசிக்க வேண்டும் என்பது வழிமுறை. அக்காவுக்கு நாலாவது வாரம் அடுத்த செவ்வாய்க்கிழமை முடிகிறது. அன்றைக்குப் பார்க்க வரும்போது, எந்த நாள் போனது, எந்தப் பதத்தில், வலி எப்போது என்று மகளை விட்டு நோட்டில் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.